ஒரு முத்திரைத் தொடரும் அதன் மூன்று வடிவங்களும்

பெடாஸ் நகரை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டக் குடியிருப்பில், உறவினர் வீடொன்றில் நான் ஒரு பிற்பகல் தங்கியிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்துவரும் பொறுப்பு பதினான்கு வயதுப் பேரனுடையது. அவன் கைப்பேசியில் மூழ்கியிருந்தான். துணிகள் முற்றும் நனைந்த பிறகு, எழுபதைக் கடந்த பாட்டி வாசலில் நின்றபடி, ஒரு மெட்டில் இழுத்து, "என்னம்மா இப்படி பண்றீங்களேம்மா" என்றார். பேரன் சிரித்துவிட்டான். சமையற்கட்டிலிருந்த மருமகள் சிரிக்கவில்லை. திட்டு விழவேண்டிய இடத்தில் சிரிப்பு விழுந்தது. துணி மறுபடியும் பிழியப்பட்டது. அவ்வளவில் அது முடிந்தது.

மொழியைப் பற்றிப் பேசுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அது அவ்வளவில் முடியவில்லை. ஓர் ஆண்பிள்ளையைப் பார்த்துப் பாட்டி ஏன் "அம்மா" என்றார்? பேரனிடம் ஏன் "பண்றீங்க" என்று மரியாதைப் பன்மையில் பேசினார்? அன்று மாலை தேநீர் குடிக்கும்போது மூவரையும் தனித்தனியே கேட்டேன்: "இந்தச் சொற்றொடர் எங்கிருந்து வந்தது?"

பாட்டி, "அது படப்பாட்டு, சிவகார்த்திகேயன் படம்" என்றார். பேரன், "இல்லை, அது விஜய் டிவி ராமர்" என்று சொல்லிக் கைப்பேசியில் ஒரு படத்தையும் காட்டினான். அதன் அடியில் "என்னமா இப்டி பன்றீங்களேமா" என்று எழுதியிருந்தது. மருமகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அது லட்சுமி ராமகிருஷ்ணன் ஒரு அம்மாவைப் பார்த்துக் கேட்டது. 'ஏம்மா, இப்படிப் பண்றீங்களே' என்று வருத்தமாகத்தான் கேட்பார். சிரிப்பதற்குச் சொன்னதில்லை" என்றார்.

ஒரே கூரையின்கீழ் ஒரே தொடருக்கு மூன்று பிறப்பிடங்களும் மூன்று வடிவங்களும் இருந்தன. மூவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அந்தத் தொடரைத் தாம் சந்தித்த இடத்தையே அதன் ஊற்று என்று நம்பியிருந்தனர். தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பிறந்த முத்திரைத் தொடர் மக்கள் வாய்க்கு வந்து சேரும் வழியில் எங்கெங்கே, ஏன் மாறுகிறது என்பதை இந்த மூன்று வடிவங்களை வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம்.

முதலில் ஊற்றைப் பார்ப்போம். 'சொல்வதெல்லாம் உண்மை' என்பது ஜீ தமிழ்த் தொலைக்காட்சியில் வந்த நிகழ்ச்சி. குடும்பச் சிக்கல் உள்ளவர்கள் நேரில் வந்து அமர்ந்து தம் வழக்கைச் சொல்வார்கள், எதிர்த்தரப்பும் வரும், நடுவில் ஒருவர் இருந்து கேட்பார், இடைமறிப்பார், கண்டிப்பார், சேர்த்துவைக்க முயல்வார். செய்தி வாசிப்பாளராகப் புகழ்பெற்ற நிர்மலா பெரியசாமி முதலில் அந்த இருக்கையில் இருந்தார். அவருக்குப் பின் நடிகையும் 'ஆரோகணம்' படத்தின் இயக்குநருமான லட்சுமி ராமகிருஷ்ணன் வந்தார். நம் தொடர் இவருடைய பெயரோடுதான் ஒட்டிக்கொண்டது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். திரைப்பட வசனம் எழுதப்படுவது, ஒத்திகை பார்க்கப்படுவது, படச்சுருளில் ஒரு முறை பதிந்துவிட்டால் அதுவே மூலம் ஆகிவிடுவது. இத்தகைய நிகழ்ச்சியில் நடத்துநர் சொல்வதோ எதிரிலிருப்பவரின் சொல்லுக்கு எழும் மறுமொழி. எதிரிலிருப்பவர் இளம்பெண்ணா, மூதாட்டியா, குடித்துவிட்டு வந்த கணவனா என்பதைப் பொறுத்து விளியும் வினைமுற்றும் மாறும். ஆகவே இப்படிப்பட்ட தொடருக்கு ஒரே ஒரு 'சரியான' மூல வடிவத்தைத் தேடுவதில் ஓரளவுக்குமேல் பயனில்லை. மூலமே ஒரு பேச்சுப்பழக்கம். அதிலிருந்து ஒரு வடிவத்தைப் பிறர் தேர்ந்தெடுத்தனர்.

தேர்ந்தெடுத்த அந்த வடிவம் இலக்கண முறையில் சுவையானது. "என்ன" என்று தொடங்குவதால் அது வினாப்போலத் தோன்றுகிறது. ஆனால் அங்கே எதையும் கேட்கவில்லை. "என்னம்மா" என்பது எதிரிலிருப்பவரைத் தன் பக்கம் திருப்பும் விளி. அடுத்து வரும் "இப்படி பண்றீங்களே" என்பதன் ஈற்றிலுள்ள ஏகாரத்தில்தான் பொருள் முழுவதும் தங்கியிருக்கிறது. நன்னூல் ஏகாரத்திற்குப் பிரிநிலை, வினா, எண், ஈற்றசை, தேற்றம், இசைநிறை என ஆறு பொருள் தரும். நம் ஏகாரம் தேற்றத்திற்கு அண்மையில் நிற்கிறது எனலாம். எனினும் பேச்சுத் தமிழில் அதற்கு வேறொரு வேலையும் உண்டு. "சொன்னேனே", "வந்திருக்கலாமே", "இப்படி ஆகிவிட்டதே" என்னும்போது நடந்ததை உறுதிப்படுத்துவதோடு, அது நடந்திருக்க வேண்டாம் என்ற ஏக்கத்தையும் அந்த ஒற்றை எழுத்து சுமக்கிறது. கடைசியில் மறுபடியும் ஓர் "அம்மா". விளியில் தொடங்கி விளியில் முடிவதால் தொடருக்கு இரு பக்கமும் கைப்பிடி கிடைத்துவிடுகிறது. காதில் தங்குவதற்கு அது ஒரு காரணம்.

ஏகாரத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லிப் பாருங்கள். "என்னம்மா இப்படி பண்றீங்க?" இப்போது அது உண்மையாகவே ஒரு கேள்வி. எதிரிலிருப்பவர் விடை சொல்லவேண்டும், சண்டையும் பிடிக்கலாம். ஏகாரம் இருக்கும்போது விடைக்கு இடமில்லை. தலை குனிவதற்கு மட்டுமே இடமுண்டு. நம் மருமகளின் நினைவில் இருந்த வடிவத்தில் முதல் "என்ன" போயிருந்தது, கடைசி "அம்மா"வும் போயிருந்தது. ஆனால் ஏகாரம் நின்றது. நிகழ்ச்சியை நிகழ்ச்சியாகப் பார்த்தவருக்கு எது முக்கியமாகப் பட்டதோ அது நினைவில் தங்கியது.

இனி இரண்டாம் கட்டம். விஜய் தொலைக்காட்சியின் 'அது இது எது' நிகழ்ச்சியில் 'சிரிச்சா போச்சு' என்றொரு சுற்று உண்டு. நகைச்சுவைக் கலைஞர்கள் வேடமிட்டு வந்து நடிப்பார்கள், போட்டியாளர் சிரிக்காமல் இருக்கவேண்டும், சிரித்தால் தோல்வி. அந்தச் சுற்றில்தான் ராமர் என்னும் கலைஞர் பெண் வேடமிட்டு, குடும்ப வழக்கைக் கேட்கும் நடத்துநராக அமர்ந்து, இந்தத் தொடரைச் சொன்னார்.

அந்தச் சுற்றின் விதியே தொடரை மாற்றிவிட்டது. எதிரில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பவரின் கட்டுப்பாட்டை உடைக்க ஒரு முறை சொன்னால் போதாது. சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். அவர் தப்பித்தேன் என்று மூச்சு விடும்போது மறுபடியும் சொல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் இன்னும் சற்று நீட்டவேண்டும். அதனால் தொடருக்கு மெட்டு வந்தது. "பண்றீங்களே" என்பதில் ஏகாரம் இரண்டு மாத்திரைக்குள் அடங்காமல் அளபெடையாக நீண்டது. உருக்கமாக இருந்த ஓசை, உருக்கத்தைப் போல நடிக்கும் ஓசையாயிற்று. பகடி செய்பவர் எதையும் புதிதாகக் கண்டுபிடிப்பதில்லை. இருப்பதில் ஒரு கூறை எடுத்து மற்றவற்றை விட்டுவிடுகிறார். அவர் விட்டவை எவை? எதிரில் உட்கார்ந்திருந்த மனிதர்கள், அவர்கள் சொன்ன வழக்கு, அதைக் கேட்டு எழுந்த வருத்தம்.

அதன்பின் ஒரு விந்தை நடந்தது. பகடியைப் பார்த்தவர்கள் மூல நிகழ்ச்சியைப் பார்த்தபோது அங்கேயும் பகடியின் மெட்டையே கேட்கத் தொடங்கினர். நடத்துநர் இயல்பாகப் பேசினாலும், "இதோ சொல்லப்போகிறார்" என்று வீட்டில் காத்திருந்தனர். நகல் முந்திக்கொண்டு மூலத்தின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டது. 'என்னம்மா' என்பது ராமரின் பெயருக்கு முன் அடைமொழிபோல வழங்கலாயிற்று. தம் பேச்சு இவ்வாறு கேலிக்குரியதாக்கப்பட்டதில் லட்சுமி ராமகிருஷ்ணன் தம் மனக்குறையை வெளிப்படையாகவே சொன்னார். அவருடைய இடத்திலிருந்து பார்த்தால் அது நியாயமான குறைதான். ஒருவர் பல ஆண்டு பேசிய பேச்சிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் பிய்த்தெடுக்கப்பட்டு, அதுவும் வேறொருவர் குரலில், அவருடைய அடையாளமாக்கப்பட்டது.

நம் மருமகள் ஏன் சிரிக்கவில்லை என்பதும் எனக்கு இங்கேதான் விளங்கியது. "அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாம் நம்மைப்போலத்தானே" என்றார் அவர். குடும்ப வழக்கைக் காட்சிப் பொருளாக்குவது சரியா என்பது தனி விவாதம். அந்த நிகழ்ச்சியின்மேல் எனக்கும் குறைகள் உண்டு. ஆனால் பகடிக்குப் பின் அந்தத் தொடரைக் கேட்பவர் எவருக்கும் எதிர் நாற்காலி கண்ணில் படுவதேயில்லை என்பது உண்மை. மேற்கோள் பிறழும்போது முதலில் காணாமற்போவது பெரும்பாலும் கேட்டவர்தான். சொல் அடுத்தபடியாகத்தான் போகிறது.

மூன்றாம் கட்டம் பாட்டு. பொன்ராம் இயக்கத்தில் சிவகார்த்திகேயன் நடித்து 2016ஆம் ஆண்டு பொங்கலுக்கு வெளிவந்த 'ரஜினி முருகன்' படத்தில், இமான் இசையில், இதே தொடரைத் தலைப்பாகக் கொண்ட பாடல் ஒன்று இடம்பெற்றது. பாட்டுக்குள் நுழைந்ததும் தொடரின் வடிவம் உறைந்துவிட்டது. பேச்சில் ஓர் அசை கூடலாம், குறையலாம். தாளத்தில் அது முடியாது. "என்னம்மா"வில் ஓர் அம்மாவும் இறுதியில் ஓர் அம்மாவும் கட்டாயமாயின. மலேசியத் திருமண மண்டபங்களிலும் பிறந்தநாள் விருந்துகளிலும் பாட்டு ஒலிக்கும். நிகழ்ச்சியையோ பகடியையோ பார்த்திராதவர்களும் அதைக் கேட்டார்கள். நம் பாட்டி அப்படிக் கேட்டவர். ஆகவே மூவரில் மிகத் தொலைவான நகலைக் கேட்ட அவரே, இன்று எல்லோரும் 'சரியானது' என்று ஒப்புக்கொள்ளும் வடிவத்தைச் சொன்னார். மூலத்திற்கு மிக அண்மையிலிருந்த மருமகள் சொன்னதோ, இன்று எவர் காதுக்கும் தவறாகத்தான் படும்.

நான்காவது கட்டம், பேரன் காட்டிய படம். இதனை 'மீம்' என்கிறோம். 'போன்மி' என்ற அழகிய ஆக்கமும் தமிழில் உண்டு. உயிரியலாளர் ரிச்சர்டு டாக்கின்ஸ் 1976இல் 'பாவனை செய்யப்பட்டது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைச் சுருக்கி அந்தச் சொல்லைப் படைத்தபோது, மெட்டும் பழக்கவழக்கமும் ஆளிடமிருந்து ஆளுக்கு நகலாகிப் பரவுவதைத்தான் கருதினார். அசையாப் படத்தின்மேல் வரி எழுதும் இன்றைய கலை பின்னால் வந்தது. இந்தப் படத்தில் ஒலி இல்லை. தொடருக்கு உயிராக இருந்த மெட்டு முழுதும் போய்விடுகிறது. எழுத்து அந்த இழப்பை எப்படியேனும் ஈடுசெய்யப் பார்க்கிறது: சிலர் ஏகாரத்தை மூன்று நான்கு முறை அடித்து நீட்டுகின்றனர், சிலர் முகக்குறி ஒட்டுகின்றனர், பலர் படத்திலுள்ள முகத்தை நம்பி எழுத்தைச் சுருக்கிவிடுகின்றனர். "என்னம்மா" "என்னமா" ஆகிறது. "இப்படி" "இப்டி" ஆகிறது.

"பண்றீங்க" என்பது "பன்றீங்க" ஆனது வேறு வகை. இதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. நம் வட்டாரத்து ஆசிரியர்கள் நாள்தோறும் திருத்தும் பிழை இது. "பண்ணுகிறீர்கள்" என்பதே பேச்சில் "பண்ணுறீங்க" என்றும் மேலும் தேய்ந்து "பண்றீங்க" என்றும் ஆயிற்று. உகரம் கெட்டதே ஒழிய வேரிலுள்ள டண்ணகரம் எங்கும் போகவில்லை. றன்னகரத்தை இட்டுவிட்டால், படிப்பவர் கண்ணுக்கு முதல் பார்வையில் ஒரு விலங்கின் பெயர்தான் தெரியும். பிழை எப்படி வருகிறது? நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் முறையிலும் அதையொத்த ஒலிபெயர்ப்பு முறைகளிலும் சிறிய n தட்டினால் றன்னகரமும் பெரிய N தட்டினால் டண்ணகரமும் வரும். அவசரத்தில் தட்டுபவர் பெரிய எழுத்துக்கு விரலை நகர்த்துவதில்லை. ரோமன் எழுத்திலேயே தமிழை எழுதிப் பழகியவருக்கோ இரண்டும் ஓர் எழுத்தே. ஒருவர் செய்த பிழை படமாகிவிட்டால் அதை மற்றவர் மறுபடி தட்டச்சு செய்வதேயில்லை, அப்படியே அனுப்புகின்றனர். வாய்மொழியில் பிழை ஒவ்வொரு வாயிலும் திருந்த வாய்ப்புண்டு. படத்தில் அந்த வாய்ப்பு இல்லை. புலனத்தில் ஆயிரம் பேருக்குப் போனாலும் அது முதல் பிழையாகவே போகும்.

இந்த இடத்தில் நம்மைப் போன்ற மொழி அமைப்பினர் செய்யும் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். "இப்படி" என்பதன் பின் வல்லினம் மிகும். ஆகவே "இப்படிப் பண்றீங்களேம்மா" என்று எழுதுவதே முறை என்போம். இன்னும் ஒரு படி போய், மேடையில் அந்தத் தொடரை எடுத்துக்காட்டும்போது, "என்னம்மா, இவ்வாறு செய்கின்றீர்களே அம்மா" என்று தூய்மை செய்தவரையும் கேட்டிருக்கிறேன். அவையில் அதற்கும் சிரிப்பு எழுந்தது. ஆனால் அவர் விரும்பிய சிரிப்பு அன்று. இலக்கணம் காப்பதாக எண்ணி மேற்கோளைப் பிறழ்த்துவதும் பிறழ்மேற்கோள்தான். இக்கட்டுரையில் பாட்டி சொன்னதை எழுதும்போது நான் ஒற்று இடாமல் விட்டதற்கு அதுவே காரணம். மருமகள் சொன்னதில் ஒற்று இட்டேன். அவர் அதை மேற்கோளாக அன்றித் தம் பேச்சாகவே சொன்னார் என்று என் காதுக்குப் பட்டது.

எல்லா முத்திரைத் தொடர்களும் இப்படி மாறுவதில்லை. பெடாஸ் தமிழ்ப் பிள்ளைகள் வாயில் வழங்கும் இன்னொரு தொடரை இதனோடு வைத்துப் பாருங்கள். 2007இல் தொடங்கிய 'உப்பின் இப்பின்' மலாய் உயிரோவியத் தொடரை அறியாத பிள்ளை நம் நாட்டில் இல்லை. 'சரி' என்னும் பொருளுடைய மலாய்ச் சொல்லை மும்முறை அடுக்கி, "பெத்துல், பெத்துல், பெத்துல்" என்பான் அதில் வரும் சிறுவன். பாலர்பள்ளிப் பிள்ளையும் அதை மும்முறைதான் சொல்கிறது, இரண்டாகக் குறைப்பதில்லை. ஏன்? அது எழுதப்பட்ட தொடர். அத்தியாயந்தோறும் மூலமே மறுபடி மறுபடி சொல்லித் திருத்திக்கொண்டிருக்கிறது. ஆனால் அதைச் சொல்பவன் யார் என்று கேளுங்கள். பலர் உப்பின் என்பார்கள். அது தம்பி இப்பினுக்குரிய முத்திரை. நிலையான தொடரிலும் பிழை நுழைய வழி உண்டு. சொல்லில் இடம் கிடைக்காதபோது அது சொன்னவர் பெயரில் நுழைந்துவிடுகிறது.

எழுதப்பட்ட வசனம் சொல்லிலேயே மாறுவதும் உண்டு. அது பெரும்பாலும் ஒரு தேவைக்காக. 1980இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' வரிசைப் படத்தில் வில்லன் தன் மகனிடம், "இல்லை, நான்தான் உன் தந்தை" என்கிறான். உலகம் அதை, "லூக், நான் உன் தந்தை" என்றே மேற்கோள் காட்டுகிறது. படத்தில் எதிரே லூக் நிற்கிறான். பெயர் சொல்லத் தேவையில்லை. படத்துக்கு வெளியே, ஒரு தேநீர்க் கடையில் அதைச் சொல்பவர் எந்தக் காட்சி என்று காட்டியாகவேண்டும். ஆகவே "இல்லை" போய்ப் பெயர் வந்தது. இதற்கு எதிர்த்திசையில் போனது நம் 'பாட்ஷா' வசனம். 1995இல் ரஜினிகாந்த் "நான்" என்று தொடங்கித்தான் ஒரு தடவை சொல்வதை நூறு தடவைக்கு ஒப்பிட்டார். நம் ஊரில் அப்பா பிள்ளையிடம் அதைச் சொல்லும்போது பல நேரம் அந்த "நான்" கழன்றுவிடுகிறது. யார் சொல்கிறார் என்பது அடுப்படிவரை தெரிந்ததுதானே. சூழலில் இழந்ததைச் சொல்லில் கூட்டுகிறோம். சூழலில் கிடைப்பதைச் சொல்லிலிருந்து கழிக்கிறோம். இதை மறதி என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

மறுபடியும் மழை பெய்த அந்த வாசலுக்கு வருவோம். பாட்டி பேரனை "அம்மா" என்றும் "பண்றீங்க" என்றும் சொன்னது ஏன் என்ற கேள்வி நிற்கிறது. அவர் அவனிடம் எப்போதும் "டேய்" என்றும் "ஐயா" என்றும் பேசுபவர். பொருந்தாத விளியும் பொருந்தாத மரியாதையும், "இது என் சொல் அன்று, இரவல்" என்பதற்கு அடையாளம். அச்சில் மேற்கோள் குறி இடுகிறோமே, அந்த வேலையை வாய்மொழியில் இவை செய்கின்றன. கோபத்தை இரவல் குரலில் சொல்வதால் கோபம் மெலிகிறது. பேரன் சிரிக்க இடம் கிடைக்கிறது. அவர் "என்னடா இப்படிப் பண்றியே" என்று சொல்லியிருந்தால் அவன் சிரித்திருக்க மாட்டான்.

ஒரு முத்திரைத் தொடர் மேற்கோளாக இருக்கிறதா, மொழியோடு கலந்துவிட்டதா என்று அறிய எனக்குத் தெரிந்த நல்ல சோதனை இதுவே. விளி மாறாமல் "அம்மா" என்றே நின்றால், சொல்பவர் இன்னும் எவரையோ போலப் பேசுகிறார். ஆணிடம் "என்னப்பா இப்படி பண்றீங்களேப்பா" என்று விளி மாறினால், மெட்டு மட்டுமே இரவல். விளியோடு வினைமுற்றும் மாறி, மெட்டும் தளர்ந்து, "என்னய்யா இப்படிப் பண்றியே" என்றாகிவிட்டால், அதை நிகழ்ச்சியிலிருந்து வந்ததென்று எவராலும் நிறுவ முடியாது. அது நிகழ்ச்சிக்கு முன்னும் நம் தாய்மார் சொல்லிவந்ததுதான். பேச்சிலிருந்து எடுத்தது பேச்சுக்கே திரும்பிவிட்டது. இடையில் சில ஆண்டுகள் அது புகழோடு இருந்தது.

இதனால் ஓர் நடைமுறைச் சிக்கல் எழுகிறது. மலேசியத் தமிழ் வழக்குகளைத் தொகுப்பவர் இதை எந்த வடிவத்தில் பதிவது? பாட்டில் உறைந்த வடிவத்தைத் தலைச்சொல்லாக வைத்து, பகடியைப் பரப்பிய இடமாகவும் 'சொல்வதெல்லாம் உண்மை' நிகழ்ச்சியைப் பிறந்த இடமாகவும் தனித்தனியே குறிப்பதே ஏற்றது என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் எழுதினால் அந்த வீட்டிலுள்ள மூவரில் இருவரைப் பொய்யராக்குவோம். பொருள் எழுதும்போதும் ஒன்றுக்குமேல் வேண்டும்: உண்மையான வருத்தம், வருத்தத்தைப் போலச் செய்யும் கேலி, கோபத்தை மென்மையாக்கும் கண்டிப்பு. மூன்றுக்கும் சொல் ஒன்றே. விளியும் மெட்டும் வேறு.

அந்த மாலையில், பேரனின் கைப்பேசியிலிருந்த படத்தை அவனே திருத்தி எழுதட்டும் என்று கேட்டேன். றன்னகரத்தை டண்ணகரமாக்கினான், "மா"வுக்கு முன் ஒற்றுச் சேர்த்தான். பிறகு தன் தாயிடம் காட்டி, "இப்போ சரியா?" என்றான். அவர் வாங்கிப் படித்துவிட்டு, "எழுத்து சரி. ஆளு யாரு?" என்றார். படத்தில் இருந்தது பெண் வேடமிட்ட ராமரின் முகம்.